நான் 12:00-க்கு அனுப்பியது அவள் போனில் 12:07. அப்போது முதல் வாழ்த்து யாருடையது?

கானாடுகாத்தான் மீனா

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நானும் என் சிநேகிதியும் காரைக்குடியில் ஒன்றாகப் படித்தவர்கள். விடுதியில் இருந்த காலத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம். பிறந்தநாள் அன்று நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் வரும் முதல் வாழ்த்து அவளுக்கு என்னிடமிருந்தும், எனக்கு அவளிடமிருந்தும்தான் வர வேண்டும். இப்போது அவள் சென்னையில் இருக்கிறாள். வேலை, பிள்ளை என்று பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. ஆனாலும் இந்த ஒன்று மட்டும் விட்டுப்போகவில்லை.

இந்த முறை கோயில் படைப்புக்காக எல்லோரும் ஊரில் பெரிய வீட்டில் தங்கியிருந்தோம். நான் வீட்டின் உள்பக்கம் இரண்டாம் கட்டுக்குள் பாயைப் போட்டு, பதினொன்றரைக்கே வாழ்த்தை எழுதி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். போனில் 12:00 ஆனதும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு டிக் வராமல் கடிகாரப் படமே சுற்றிக்கொண்டிருந்தது. சிக்னல் சரியாகிவிடும் என்று காத்திருந்து, பிறகு எழுந்து திறந்த முற்றம் இருக்கும் வளவுக்கு வந்து நின்றதும் போய்விட்டது. என் போனில் இன்னமும் 12:00 என்றுதான் இருக்கிறது. அவள் போனில் 12:07. இடையில் 12:01-க்கு அவளுடைய அலுவலகத் தோழி ஒருத்தி அனுப்பியிருக்கிறாள்.

மறுநாள் அவள் சொன்னது இவ்வளவுதான்: "இந்த வருஷம் நீ ரெண்டாவது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது ஆறவில்லை. நான் 12:00 என்று இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பலாமா? அனுப்பினால் அது நிரூபணம் ஆகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ராசு

ஸ்கிரீன்ஷாட்டே போதும், தங்கச்சி. வாட்ஸ்அப்பில் தெரிவது அனுப்புகிறவர் போனின் நேரம்தான். உங்கள் போனில் 12:00 என்றால் 12:00. அவர் போன் கடிகாரம் ஏழு நிமிஷம் வேகமாக ஓடியிருக்கும். அதைச் சரி செய்யச் சொல்லுங்கள், தீர்ந்தது.

செக்காலை குமார்

ராசு அண்ணன் சொன்னதில் பாதி சரி. செல்போன் கடையில் உட்கார்ந்து தினமும் இதைப் பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பு பொத்தானை அழுத்திய நேரம் உங்கள் போனில் நிற்கிறது. அதுவரை அண்ணன் சொன்னது சரி. ஆனால் உங்கள் சிநேகிதி போன் உங்கள் போன் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. செய்தி சர்வருக்கு எப்போது வந்து சேர்ந்ததோ அந்த நேரத்தைத்தான் அவர் போன் காட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் அழுத்தினால் செய்தி உங்கள் போனுக்குள்ளேயே கடிகாரப் படத்தோடு கிடக்கும். சிக்னல் கிடைத்ததும் சர்வருக்குப் போய் ஒற்றை டிக் ஆகும். அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்ததும் இரட்டை டிக், படித்ததும் நீலம். ஆக, நீங்கள் வளவுக்கு வந்து நின்ற நேரம் 12:07. அவர் போனில் இருப்பது அதுதான். அவர் போன் கடிகாரத்தில் கோளாறு எதுவும் இல்லை.

இதை நீங்களே பார்க்கலாம். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, ⓘ தகவலைத் திறந்தால் போய்ச் சேர்ந்த நேரமும் படித்த நேரமும் தனித்தனியாக இருக்கும். போய்ச் சேர்ந்த நேரம் 12:07 என்று இருந்தால் விஷயம் அதோடு முடிந்தது. ஸ்கிரீன்ஷாட் காட்டுவது நீங்கள் விழித்திருந்து நேரத்துக்கு அழுத்தினீர்கள் என்பதை மட்டும்தான். முதலில் வந்தது என்பதற்கு அது சாட்சி இல்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. வாங்குகிறவர் போன் அணைந்து கிடந்து காலையில் ஆறு மணிக்குப் போட்டால், அவருக்கு 12:00 என்றே காட்டும். ஏனென்றால் அது பன்னிரண்டுக்கே சர்வருக்குப் போய்விட்டது. அவர் பக்கத் தாமதம் உங்கள் கணக்கில் ஏறாது. உங்கள் பக்கத் தாமதம்தான் ஏறும்.

கானாடுகாத்தான் மீனா

தகவலைத் திறந்து பார்த்துவிட்டேன் தம்பி. போய்ச் சேர்ந்தது 12:07. படித்ததும் 12:07. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது. அவள் தூங்கவில்லை, கையில் போனோடு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்றுதானே அர்த்தம்?

பள்ளத்தூர் வாத்தியார்

ஓய்வு பெற்ற ஆசிரியன். உங்கள் விவாதம் முழுவதையும் படித்தேன். அடிப்படையிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. நள்ளிரவில் நாள் மாறுகிறது என்று யார் சொன்னது? பஞ்சாங்கக் கணக்கில் சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரை அறுபது நாழிகை, அதுதான் ஒரு நாள். செவ்வாய் அதிகாலை ஒரு மணிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் எழுதினால் திங்கட்கிழமை என்றுதான் எழுதுவார்கள். என் அப்பத்தா காலத்தில் பிறந்தநாள் என்றால் தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான். விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பிள்ளையாருக்கு விளக்கேற்றி, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தால் அதுவே முதல் வாழ்த்து. நீங்கள் 12:00-க்கு அனுப்பியதும் அந்த அலுவலகப் பெண் 12:01-க்கு அனுப்பியதும் முந்தின நாள் கணக்கில்தான் சேரும். விடிந்த பிறகு முதலில் வாழ்த்தியவர் யார் என்று பாருங்கள்.

கோட்டையூர் வள்ளி

ஐயா, நட்சத்திரப் பிறந்தநாளுக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. எங்கள் வீட்டிலும் ஆத்தா அந்த நாளில்தான் அர்ச்சனைக்குப் பெயர் கொடுப்பார். ஆனால் மீனாவின் சிநேகிதி கொண்டாடுவது ஆங்கிலத் தேதி. பள்ளிச் சான்றிதழில் இருப்பதும் ஆதாரில் இருப்பதும் அந்தத் தேதிதான். அந்தக் கணக்கில் தேதி நள்ளிரவில்தான் மாறும். நட்சத்திர நாள் வருஷத்துக்கு வருஷம் வேறு வேறு தேதியில் வந்து நிற்கும். தேதியை இந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நாள் தொடக்கத்தை மட்டும் அந்தக் கணக்கில் எடுக்க முடியாது.

இன்னொன்று. நள்ளிரவு வாழ்த்துக்குப் பெரியவர்களின் வாழ்த்தோடு போட்டியே கிடையாது. வீட்டுக்காரர்களுக்கு விடிந்ததும் உரிமை. சிநேகிதர்களுக்கு என்று வீட்டுக்குள் ஒரு நேரம் கிடைக்காது. எல்லோரும் தூங்கிய பிறகு கிடைப்பதுதான் அவர்களுடைய நேரம். அதனால்தான் அது பன்னிரண்டு மணியில் வந்து நிற்கிறது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூர் சோலை

வணக்கம். ஊர் காரைக்குடிப் பக்கம், இருப்பது இங்கே. எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வேறு மாதிரி. யாருடைய பன்னிரண்டு மணி?

இங்கே நேரம் இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. மலேசியாவும் அப்படித்தான். எனக்குப் பிறந்தநாள் பிறக்கும்போது ஊரில் இரவு 9:30. அங்கே சாப்பாட்டு நேரம். ஊரில் இருக்கிற என் கூட்டாளி அவனுடைய பன்னிரண்டு வரை விழித்திருந்து அனுப்பினால் எனக்கு அது 2:30-க்கு வந்து விழும். அதற்குள் இங்கே கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் வாழ்த்தி முடித்திருப்பார்கள். அவன் பட்ட சிரமம் பெரிது, வந்து சேர்ந்த இடம் கடைசி. நாங்கள் பேசி முடிவு செய்தது: பிறந்தநாள்காரர் எங்கே படுத்திருக்கிறாரோ அந்த ஊர்ப் பன்னிரண்டு. துபாய்க்காரருக்கு அனுப்ப ஊரில் 1:30 வரை காத்திருக்க வேண்டும். லண்டனில் இருப்பவருக்கு ஊர் நேரம் காலை 5:30. அங்கே கோடையில், அதாவது மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது 4:30. இந்தக் கோடைக் கணக்கில்தான் நிறையப் பேர் ஒரு மணி நேரம் பிந்திவிடுகிறார்கள். போனின் கடிகாரச் செயலியில் அந்த ஊரைச் சேர்த்து வைத்துக்கொண்டால் கணக்கே போட வேண்டாம்.

வாத்தியார் ஐயாவுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உதயக் கணக்கிலும் இதே கேள்விதான் வரும். எங்களுக்கு விடிவது ஒரு நேரம், உங்களுக்கு விடிவது ஒரு நேரம்.

பள்ளத்தூர் வாத்தியார்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. பஞ்சாங்கத்திலேயே ஊருக்கு ஊர் உதயம் மாறும் என்று போட்டிருக்கும். பிறந்த இடத்து நேரமா, இருக்கிற இடத்து நேரமா என்று நான் யோசித்ததில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்து வாழ்த்துவதை இன்னமும் நான் ஏற்கவில்லை.

நைட் டூட்டி செல்வி

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கும் இதே சந்தேகம்தான். பன்னிரண்டு மணிக்கு வார்டில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பேன், போனைத் தொட முடியாது. முன்கூட்டியே எழுதி வைத்து, அந்த நேரத்துக்குத் தானாகவே போகும்படி வைக்க முடியுமா என்பதைத்தானே இங்கே கேட்கிறார்கள்? டெலகிராமில் அனுப்பு பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து வைக்கலாம். என் தம்பி மனைவிக்கு அப்படித்தான் வைத்தேன், சரியாகப் போய்விட்டது. அவள் என்னோடு பேசலாம் என்று உடனே அழைத்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. காலையில் "முழிச்சிருந்துதானே அனுப்பினீங்க, ஏன் எடுக்கல?" என்று கேட்டாள். டூட்டி என்று சொன்னேன். நம்பினாளா என்று தெரியவில்லை.

கானாடுகாத்தான் மீனா

செல்வி அக்கா, நான் கேட்டது அது இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில்தான் என் மனசு இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் அந்த வாழ்த்துச் செய்தியில் ஒன்றும் பெரிதாக இருக்காது. பெயரும் ஒரு வரியும், அவ்வளவுதான். அதற்கு அப்புறம் வருவதுதான் விஷயம். அவள் உடனே "முழிச்சிருக்கியா?" என்பாள். நான் "ம்" என்பேன். பன்னிரண்டரை, ஒரு மணி வரை போகும். வருஷம் முழுவதும் பேசாததை அந்த நேரத்தில் பேசிவிடுவோம். அவள் வேலையை விடப் போவதை எனக்குச் சொன்னது அப்படி ஒரு ராத்திரியில்தான். இரண்டாவது, மூன்றாவது ஆளாக வந்தால் அவள் அதற்குள் மற்றவர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த முறை எனக்கு வந்த பதில் ஒரு இதயமும் "தேங்க்ஸ் டீ"யும்தான்.

புதுவயல் கதிர்

மீனா ஆச்சி சொல்வதுதான் உண்மை. முதல் செய்தி வரும்போது போன் அமைதியாக இருக்கும். அதை முழுசாகப் படிப்போம். அதற்குப் பிறகு பத்து வந்து மேலே மேலே ஏறி நிற்கும். வாட்ஸ்அப்பில் புதிதாக வந்தது மேலே போகும், முதலில் வந்தது அடியில் போய்விடும். காலையில் திறந்து பார்க்கிறவர் மேலிருந்துதான் பதில் போட்டு வருவார். அப்படிப் பார்த்தால் முழித்திருக்காதவருக்கு முதலில் அனுப்பியவர் கடைசியில் பதில் வாங்குவார். நான் பார்த்த வரையில், எதிரில் இருப்பவரும் விழித்திருந்தால்தான் முதல் செய்திக்கு மதிப்பு. தூங்குகிறவருக்குப் பன்னிரண்டு மணிக்கு அனுப்புவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் இன்னொரு வழக்கம் இருக்கிறது. யாருக்கு யார் நெருக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆள் அனுப்பட்டும் என்று மற்றவர்கள் 12:02, 12:03 வரை காத்திருப்போம். யாரும் பேசி வைத்தது இல்லை. குழுவில் ஒருவன் முந்திக்கொண்டு 11:58-க்கே கேக் படம் போட்டுவிட்டால்தான் எல்லாம் குலையும். ஒன்று வந்ததும் வரிசையாக இருபது விழும். அந்த அலுவலகப் பெண்ணுக்கு மீனா ஆச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் மேல் தப்பே இல்லை.

தேவகோட்டை ராசு

அப்படியென்றால் தானாகப் போகும்படி வைப்பது ஏமாற்று என்கிறீர்களா? செல்வி தங்கச்சி நினைவு வைத்து, எழுதி, நேரம் குறித்து வைத்தாரே. அதுவும் அக்கறைதானே?

கோட்டையூர் வள்ளி

அக்கறைதான். டூட்டி இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. விழித்திருக்கிறாள் என்று எதிராளியை நம்பவைத்துவிட்டு இல்லாமல் போவதுதான் உறுத்தும். பன்னிரண்டு மணிக்கு வரும் செய்தியில் எழுதாமலே ஒரு சேதி இருக்கிறது: உனக்காக நான் தூங்காமல் இருக்கிறேன். நேரம் குறித்து வைத்த செய்தி அந்த ஒன்றை மட்டும் பொய்யாகச் சொல்கிறது.

நைட் டூட்டி செல்வி

நானும் விழித்துத்தானே இருந்தேன் வள்ளி! அவளுக்காக விழித்திருக்கவில்லை, அவ்வளவுதான். இதைப் பொய் என்று என்னால் ஏற்க முடியாது.

செக்காலை குமார்

அந்த வழக்கில் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. மீனா ஆச்சியின் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருஷமும் அங்கேயே இருந்தால் இதேதான் நடக்கும்.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று உள்ளே போகப் போக சிக்னல் குறையும். செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய கனமான சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றைத் தாண்டும்போதும் அலை இளைத்துக்கொண்டே வரும். வளவில் நடுவே வானம் திறந்து இருப்பதால் அங்கே கிடைக்கிறது. படைப்பு நாள் என்றால் வேறு, வெளியூரிலிருந்து வந்த எல்லோர் போனும் ஒரே டவரில் தொங்கும். கம்பி இரண்டு காட்டினாலும் டேட்டா நகராது.

ஆகவே கம்பியைப் பார்த்து ஏமாறக் கூடாது. பதினொன்று ஐம்பதுக்கு வீட்டில் விழித்திருக்கும் வேறு யாருக்காவது ஒரு புள்ளி வைத்து அனுப்பிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடியில் ஒற்றை டிக் விழுந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம் சரி. கடிகாரப் படம் நின்றால் எழுந்து முற்றத்துப் பக்கம் வந்துவிடுங்கள். கடிகாரப் படத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பதில் பயனில்லை. பன்னிரண்டுக்கு அழுத்தியும் நிற்கிறது என்றால் விமானப் பயன்முறையைப் போட்டு எடுங்கள், போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். அதுவும் ஆகவில்லை என்றால் சாதாரண எஸ்எம்எஸ். டேட்டா நகராத இடத்தில் எஸ்எம்எஸ் போய்விடுவது உண்டு.

போனில் நேரம் தானாக அமையும்படி இருக்கட்டும். கையால் வைத்த நேரம் முந்தினால் உங்கள் வாழ்த்து அவருக்கு 11:59 என்று விழும்.

சிங்கப்பூர் சோலை

இரண்டு பேரும் 12:00-க்கே அனுப்பினால் யார் முதல் என்று எப்படித் தெரியும் குமார்? எங்கள் குழுவில் இரண்டு பேர் இதற்குச் சண்டையே போட்டார்கள்.

செக்காலை குமார்

திரையில் நொடி காட்டாது. பட்டியலில் கீழே இருப்பது முந்தியது என்று சொல்லலாம், ஆனால் அது அவர் யாருக்கும் பதில் போடும் வரைதான். பதில் போட்டதும் அந்தப் பெயர் மேலே ஏறிவிடும். ஐபோன் வைத்திருப்பவர் அந்த இரண்டு உரையாடலையும் ஏற்றுமதி செய்தால் கோப்பில் நொடியோடு இருக்கும். ஆண்ட்ராய்டில் நிமிஷம் வரைதான். ஆனால் பிறந்தநாள்காரரைப் போய் ஏற்றுமதி செய்து காட்டச் சொல்ல நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்.

ஆராவயல் தேனம்மை

ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிப்ரவரி 29-இல் பிறந்தநாள். அடுத்தது 2028-இல்தான். மற்ற வருஷங்களில் என் சிநேகிதி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் அந்தப் பன்னிரண்டுக்கு அனுப்புவாள். "உன் நாள் இந்த இடத்திலதான் இருக்கு" என்பாள். என் வீட்டுக்காரர் 28 காலையில் வாழ்த்துவார். போன வருஷம் அவர்தான் முதலா, அவள்தான் முதலா என்று இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கு அவள் அனுப்புவதுதான் முதல்.

புதுவயல் கதிர்

கல்யாணமான பிறகு இது எல்லோருக்கும் வருகிறது, தேனம்மை ஆச்சி. பக்கத்தில் இருக்கிறவர் பன்னிரண்டுக்கு வாயால் சொல்லிவிடுவார். போனில் முதல் என்பது மட்டும்தான் நண்பனுக்கு மிச்சம். என் நண்பன் கல்யாணமான வருஷம் நான் 12:00-க்கு அனுப்பலாமா என்று யோசித்து 12:10-க்கு அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டு "ஏன்டா பத்து நிமிஷம் லேட்டு?" என்றான்.

கானாடுகாத்தான் மீனா

எல்லோருக்கும் நன்றி. ஸ்கிரீன்ஷாட் அனுப்பவில்லை. நேற்று அவளைக் கூப்பிட்டு, இரண்டாம் கட்டில் உட்கார்ந்திருந்ததையும் கடிகாரப் படம் சுற்றியதையும் சொன்னேன். "அப்ப நீ உள்ள இருந்தியா? வளவுல உக்காந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவளும் முன்பு எங்கள் வீட்டில் வந்து தங்கியவள்தான், அவளுக்கு அந்த இடம் தெரியும். 12:01-க்கு வந்ததைப் பார்த்ததும் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்தாளாம். அதுதான் அவளுக்கு வருத்தமாக இருந்திருக்கிறது, வரிசை இல்லை.

என் பிறந்தநாள் மார்கழியில் வருகிறது. குமார் தம்பி சொன்ன புள்ளி வைத்து அனுப்பிப் பார்க்கும் விஷயத்தை அவளுக்கும் சொல்லிவிட்டேன். அப்போது அவள் மாமியார் ஊரில் இருப்பாளாம், அங்கே சிக்னல் எப்படி என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஊர் ஏம்பல் பக்கம்.